டாப் லோடா, ஃபிரண்ட் லோடா: எந்த மெஷின் காட்டுகிற நிமிடத்தை நம்பலாம்?

வாஷிங் மெஷினில் ஸ்டார்ட் அழுத்தியதும் 0:52 என்று காட்டுகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் இன்னும் 0:49, அப்புறம் திடீரென்று 0:55, கடைசியில் 0:09 வந்து அப்படியே கால் மணி நேரம் நிற்கிறது. போர்டு போய்விட்டது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் போர்டில் ஒரு கோளாறும் இருக்காது. அந்த எண் கடிகாரம் இல்லை, கணிப்பு. மெஷின் செய்கிற வேலைகளில் சிலது நிமிடக் கணக்கில் ஓடுகிறது, துணியைச் சுற்றித் துவைப்பது மாதிரி. மற்றதெல்லாம் ஒரு நிலை வரும்வரை காத்திருப்பது: தண்ணீர் இந்த மட்டத்துக்கு ஏறணும், சூடு இந்த டிகிரிக்கு வரணும், டிரம் ஆட்டமில்லாமல் சுற்றணும். இந்தக் காத்திருப்புக்கெல்லாம் கம்பெனியில் ஒரு உத்தேச நிமிடத்தைப் போட்டு வைத்திருக்கிறார்கள். நம்ம வீட்டுக் குழாயும் கரண்டும் அந்த உத்தேசத்துக்கு ஒத்துவராதபோது எண் நிற்கிறது, அல்லது ஏறுகிறது.

இது டாப் லோடுக்கும் ஃபிரண்ட் லோடுக்கும் பொது. ஆனால் எந்த இடத்தில் நிற்கிறது என்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு, வாங்குகிறவர்கள் கடையில் கேட்காமல் விடுவது இதைத்தான்.

டாப் லோடில் பிரச்சினை முக்கால்வாசி தண்ணீர்தான். துணி மூழ்கிற அளவுக்குத் தண்ணீர் வேண்டும், ஒரு தடவைக்கு 50 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். துவைக்க ஒரு தடவை, அலச இரண்டு தடவை, ஆக மூன்று தடவை நிரம்பணும். குழாயில் நிமிடத்துக்கு 10 லிட்டர் வந்தால் ஒரு தடவை நிரம்ப 5 நிமிடம். இப்போது மதுரையில் வழக்கமான ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: மொட்டைமாடியில் டேங்க், அதற்கு நேர் கீழே முதல் மாடியில் மெஷின். டேங்குக்கும் மெஷினுக்கும் உயரம் 3 மீட்டர் இருந்தால் பெரிசு. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும், 3 மீட்டருக்கு 0.3 பார்தான். பல மெஷின்களின் கையேட்டில் குறைந்தது 0.5 பார் வேண்டும் என்று போட்டிருக்கும். அதனால் தண்ணீர் நிமிடத்துக்கு 4 லிட்டர்தான் உள்ளே போகிறது என்றால், 5 நிமிடத்தில் நிரம்ப வேண்டியது பன்னிரண்டரை நிமிடம் ஆகும். தடவைக்கு ஏழரை நிமிடம் கூடுதல், மூன்று தடவைக்கு 22 நிமிடத்துக்கு மேல். 52 நிமிடம் என்று காட்டியது ஒன்றேகால் மணி நேரம் ஓடுவதற்குக் கணக்கு இதுதான். சில மெஷின் நிரம்பும்வரை எண்ணை அப்படியே நிறுத்திவைக்கும், சிலது முதல் தடவை நிரம்ப எவ்வளவு நேரமானது என்று பார்த்து மீதிக்கும் சேர்த்து எண்ணை ஏற்றிவிடும். இரண்டும் சரியான நடத்தைதான்.

இதைச் சோதிக்க மெக்கானிக் வேண்டாம். மெஷினுக்குப் போகிற ஹோஸைக் குழாயிலிருந்து கழற்றிவிட்டு, 10 லிட்டர் வாளியைக் குழாய்க்கடியில் வைத்து நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் குழாயில் குறையில்லை. அப்படியும் மெஷினில் மெதுவாகத்தான் ஏறுகிறது என்றால், ஹோஸ் மெஷினில் மாட்டுகிற இடத்தில் உள்ளே ஒரு சின்ன வலை இருக்கும், அதைப் பாருங்கள். நம்ம ஊர் போர் தண்ணீருக்கு அதில் மண்ணும் வெள்ளை உப்பும் அடைத்துக்கொள்வது சகஜம். குழாயை மூடிவிட்டு, வலையைக் குறட்டால் மெதுவாக இழுத்து எடுத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினால் போதும். வாளியே நிறைய இரண்டரை நிமிடம் ஆனால் வலையைத் தேய்த்துப் பிரயோஜனமில்லை, டேங்கைக் கொஞ்சம் உயர்த்தணும் அல்லது சின்ன பிரஷர் பம்ப் போடணும்.

ஃபிரண்ட் லோடுக்கு இந்தத் தொல்லை குறைவு. துணி நனைந்து அடியில் கொஞ்சம் தேங்கினால் போதும், ஒரு தடவைக்கு 15 லிட்டர் பக்கம்தான். அதே 4 லிட்டர் வேகத்தில் வந்தாலும் ஒவ்வொரு தடவையும் இரண்டு, இரண்டரை நிமிடம்தான் பிந்தும், கவனிக்கவே மாட்டோம். அதற்குப் பதில் அது வேறொரு இடத்தில் நிற்கும்: சூடு. 28 டிகிரியில் இருக்கிற 15 லிட்டர் தண்ணீரை 2000 வாட் ஹீட்டர் 60 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 17 நிமிடம். இது 230 வோல்ட் இருந்தால். சாயங்காலம் தெரு முழுக்க ஏசி ஓடி வோல்டேஜ் 180க்கு இறங்கினால் அந்த ஹீட்டர் 1200 வாட்தான் கொடுக்கும், ஏனென்றால் வோல்டேஜ் குறைகிற விகிதத்தின் வர்க்கத்தில் சூடு குறையும். 17 நிமிடம் 27, 28 நிமிடம் ஆகிவிடும். 40 டிகிரியில் போட்டால் நல்ல வோல்டேஜில் 6 நிமிடம், மோசமான வோல்டேஜில் 10 நிமிடம், அவ்வளவுதான். சூடே இல்லாமல் போட்டால் இந்தக் காரணம் அறவே இல்லை.

ஃபிரண்ட் லோடின் இன்னொரு எதிரி நுரை. போர் தண்ணீரில் நுரை வராது என்று பவுடரைக் கூடப் போட்டுப் பழகியிருப்போம், மாநகராட்சித் தண்ணீர் வருகிற அன்றைக்கும் அதே அளவைப் போடுவோம். உப்புக் குறைந்த தண்ணீரில் நுரை பொங்கிவிடும், பொங்கிய நுரையோடு மெஷின் வேகமாகப் பிழியாது, நுரை அடங்கும்வரை காத்திருந்து இன்னொரு தடவை அலசும். எண் ஏறும். வாளித் துவையலுக்கான பவுடர் என்றால் இன்னும் மோசம்.

கடைசி நிமிடங்களில் எண் நிற்பதற்குக் காரணம் இரண்டிலும் ஒன்றுதான், பிழியும்போது பாரம் ஒரு பக்கமாக ஒதுங்குவது. ஆனால் அதைச் சரிசெய்கிற விதம் வேறு. ஃபிரண்ட் லோடு தண்ணீர் பிடிக்காமலே மெதுவாக முன்னும் பின்னும் உருட்டித் துணியைப் பரப்பும், மறுபடி வேகமெடுத்துப் பார்க்கும், ஆடினால் மறுபடி உருட்டும். 0:09ல் கால் மணி நேரம் என்பது இதுதான். டாப் லோடு பெரும்பாலும் திரும்பவும் தண்ணீர் பிடித்து, துணியைக் கலக்கிவிட்டு, வடித்து, பிறகுதான் பிழியும். அந்த முதல் மாடி வீட்டில் என்றால் இன்னொரு பன்னிரண்டரை நிமிடம் இங்கேயே போய்விட்டது. ஒற்றைப் போர்வையையோ ஜமுக்காளத்தையோ தனியாகப் போடாதீர்கள், கூடவே இரண்டு துண்டு போட்டால் பாரம் பரவும்.

மாதாந்திர மின்தடை நாளில், "ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிரும், அதுக்குள்ள முடிஞ்சிருமா தம்பி?" என்று மதினி கேட்பார்கள். என் கணிப்பு இது: டேங்குக்கு நேர் கீழே மெஷின் இருக்கிற வீட்டில், சூடில்லாமல் துவைக்கிற ஃபிரண்ட் லோடின் எண் நம்பகமானது. டேங்குக்கு இரண்டு மாடி கீழே, நல்ல அழுத்தத்தில் இருக்கிற டாப் லோடு அதைவிடச் சொன்ன நேரத்துக்கு முடிக்கும், ஏனென்றால் பெரும்பாலான டாப் லோடில் ஹீட்டரே இல்லை. அழுத்தம் குறைந்த டாப் லோடும், 60 டிகிரியில் ஓடுகிற ஃபிரண்ட் லோடும்தான் மோசம். எதுவானாலும் முதலில் வருகிற எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள், துணியைச் சுற்றி எடை பார்த்த பிறகு வருகிறதே, அதை எடுங்கள். டாப் லோடில் வாளியில் ஊறவைத்த துணியைப் போட்டால் அந்த எடையும் தப்பாகத்தான் வரும், ஈரத்தையும் துணி என்று எண்ணித் தண்ணீரைக் கூடப் பிடிக்கும்.

எண் நிற்கும்போது காதைக் கொடுத்தால் காரணம் தெரிந்துவிடும். ஸ்ஸென்று சத்தம் என்றால் தண்ணீர் ஏறுகிறது. அமைதியாக இருந்து அவ்வப்போது மட்டும் டிரம் சுற்றினால் சூடேறுகிறது. உருட்டி, வேகமெடுத்து, மறுபடி நின்றால் பாரம். IE அல்லது 4C என்று திரையில் வந்தால் மெஷின் காத்திருந்து கைவிட்டுவிட்டது, தண்ணீர் போதவில்லை, முதலில் குழாயையும் வலையையும் பாருங்கள். UE அல்லது Ub வந்தால் மூடியைத் திறந்து துணியைக் கையால் பிரித்துப் போட்டுப் பிழிய மட்டும் விடுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நிற்கிறது என்றால் அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.