மாம்பழக்கூழ் ஆலை வேலை ஒன்று, சம்மரி நான்கு: எது பொருந்துகிறது?

என் அக்கா மகள் காரிமங்கலத்துப் பெண். உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, தருமபுரிப் பக்கம் ஒரு தனியார் பால் ஆலையின் லேபில் 3 வருடமாக வேலை செய்கிறாள். கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலை தரக் கட்டுப்பாட்டுக்கு ஆள் எடுக்கிறது என்று தெரிந்ததும் ரெஸ்யூமேயோடு என்னிடம் வந்தாள். நான் கூழ் ஆலையில் பல வருடம் தரப் பிரிவைப் பார்த்தவன். சீசனுக்கு முன்னால் ரெஸ்யூமே கட்டைப் பிரித்து ஆள் பொறுக்குவதும் என் வேலையாக இருந்தது. அப்போது முதலில் கண் போகும் இடம், பெயருக்குக் கீழே இருக்கும் அந்த நாலு வரி சம்மரிதான். அது பிடிபடவில்லை என்றால் கீழே இருக்கும் நல்ல விஷயத்தையும் பாதிக் கவனத்தோடுதான் படிப்போம்.

விளம்பரம் கேட்டது இவ்வளவுதான்: உணவுத் தொழில்நுட்பப் பட்டம், 2 முதல் 4 வருட அனுபவம், பிரிக்ஸ் எனும் கரைந்த சர்க்கரை அளவு, அமிலத்தன்மை, பி.எச். பார்க்கத் தெரிய வேண்டும், மைக்ரோபயாலஜி சோதனை தெரிய வேண்டும், உணவுப் பாதுகாப்புக்கான ஹாசெப் பதிவேடு எழுதிப் பழக்கம் வேண்டும், சீசனில் இரவு ஷிப்ட் வர வேண்டும்.

அவளுக்கு முன்னால் அப்போது 3 சம்மரி இருந்தன. நான்காவதை இருவரும் உட்கார்ந்து எழுதினோம். ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் போகும். படிக்க வசதியாக எல்லாவற்றையும் தமிழில் தருகிறேன்.

முதலாவது, கல்லூரிக் கடைசி வருடத்தில் எழுதியது:

"சவாலான பணிச்சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு, நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உழைக்க விரும்புகிறேன்."

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓசூர் சிப்காட்டில் லேத் ஓட்டப் போகிறவர் இதே வரியை வைத்துக்கொள்ளலாம், கிருஷ்ணகிரியில் வங்கி வேலைக்குப் போகிறவரும் வைத்துக்கொள்ளலாம். இதை வைப்பதைவிட சம்மரியே இல்லாமல் நேராக அனுபவத்தில் தொடங்குவது மேல். படித்து முடித்த கையோடு வேலை தேடுகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்: அந்த இடத்தில் கல்லூரி ப்ராஜெக்ட் ஏறி வரட்டும்.

இரண்டாவது, இப்போது அவள் ரெஸ்யூமேயில் இருப்பது:

"பால் தரச் சோதனையில் 3 ஆண்டு அனுபவம். கெர்பர் முறையில் கொழுப்பு, எஸ்.என்.எஃப்., எம்.பி.ஆர்.டி., கலப்படச் சோதனைகளில் தேர்ச்சி. ஒரு ஷிப்டில் 12 டேங்கர் வரை மாதிரி எடுத்துச் சோதித்தவர்."

"இதுல என்ன மாமா தப்பு? எல்லாமே நான் செஞ்ச வேலைதானே" என்றாள். தப்பே இல்லை. நல்ல சம்மரி. வேறொரு பால் ஆலைக்குப் போட்டிருந்தால் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் பொருத்தம் என்பது நல்லதா கெட்டதா என்ற கேள்வி கிடையாது. எந்த விளம்பரத்துக்கு என்ற கேள்வி. கூழ் ஆலையில் கெர்பர் பியூட்டைரோமீட்டருக்கு வேலை இல்லை. எஸ்.என்.எஃப். என்பது பாலில் கொழுப்பு போக மிஞ்சும் திடப்பொருள், மாம்பழத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை. எம்.பி.ஆர்.டி. பாலில் கிருமி எவ்வளவு என்று பார்க்கும் சாயச் சோதனை. படிக்கிற தர மேலாளர் மனதில் "இது பால்காரப் பெண்" என்று விழுந்துவிடும்.

இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல ஒரு வழி வைத்திருக்கிறேன். இரண்டு பென்சில் போதும். சம்மரியில் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, விளம்பரத்தில் எந்த வரிக்கு இது பதில் சொல்கிறது என்று பார்த்து, பதில் சொன்னால் நீலத்தில் கோடு போடுவேன். பிறகு அதே சொல்லுக்கு ரெஸ்யூமேயின் கீழ்ப்பகுதியில் ஆதாரம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சிவப்பில் கோடு. இரண்டு கோடும் விழுந்தது நிற்கும். நீலம் மட்டும் விழுந்தால் வெறும் பேச்சு. சிவப்பு மட்டும் விழுந்தால் உண்மை, ஆனால் இந்த வேலைக்கு வேண்டாதது.

இரண்டாவது சம்மரியில் ஏறக்குறைய எல்லாமே சிவப்பு. நீலம் விழுந்தது "3 ஆண்டு அனுபவம்" என்பதற்கு மட்டும்.

மூன்றாவது, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் விளம்பரத்தைக் காட்டி எழுதி வாங்கியது:

"பிரிக்ஸ், அமிலத்தன்மை, பி.எச்., மைக்ரோபயாலஜி, ஹாசெப் ஆகியவற்றில் நிபுணத்துவம் பெற்ற, பழக்கூழ் தரக் கட்டுப்பாட்டு அலுவலர்."

இதில் தலைகீழ். முழுக்க நீலம். நௌக்ரி மாதிரியான தளங்களில் சொல்லைப் போட்டுத் தேடுகிற இடத்தில் இது மேலே வரலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் கூழ் ஆலையில் தேடுகிறவரும் நேர்காணலில் எதிரே உட்காருகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். "ரிஃப்ராக்டோமீட்டர் ரீடிங்கை எந்த வெப்பநிலைக்குத் திருத்துவீங்க?" என்று ஒரு கேள்வி போதும். தினமும் பிரிக்ஸ் பார்த்தவர் யோசிக்காமல் 20 டிகிரி என்பார். இவள் ரிஃப்ராக்டோமீட்டரைக் கடைசியாகத் தொட்டது கல்லூரி லேபில். அந்த ஒரு தடுமாற்றத்தில், உண்மையாகத் தெரிந்த மற்றதெல்லாம் சந்தேகத்துக்கு ஆளாகிவிடும். எனக்கு இந்த மூன்றாவது வகை மேல்தான் கோபம் அதிகம். முதல் வகையால் வாய்ப்புதான் போகும். இதனால் பெயர் போகும். இந்த மாவட்டத்தில் கூழ் ஆலைக்காரர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்.

ஆக, இரண்டாவதில் உண்மை இருக்கிறது, திசை இல்லை. மூன்றாவதில் திசை இருக்கிறது, உண்மை இல்லை. நான்காவதை எழுத, சம்மரியை மூடி வைத்துவிட்டு அவள் தினசரி வேலையைக் கேட்டேன். "காலைல லேபுக்குள்ள போனதும் முதல்ல என்னம்மா செய்வே?" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம்.

அமிலத்தன்மை முதலில் வந்தது. பாலுக்கும் கூழுக்கும் முறை ஒன்றுதான்: பினாப்தலீன் சொட்டு, பியூரெட்டில் 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு, இளஞ்சிவப்பு நிலைத்தால் நிறுத்த வேண்டும். கணக்கு மட்டும் மாறும். பாலில் லாக்டிக் அமிலமாகச் சொல்வோம், செலவான சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு மில்லிக்கு 0.009 கிராம். மாம்பழத்தில் சிட்ரிக் அமிலமாகச் சொல்வோம், 0.0064 கிராம். கூழின் மஞ்சளில் இளஞ்சிவப்பு சரியாகத் தெரியாது, நன்றாக நீர் சேர்த்துக் கரைத்துப் பார்க்க வேண்டும், அல்லது பி.எச். மீட்டரை வைத்து முடிவுப் புள்ளி எடுக்க வேண்டும். இதை ஒரே நாளில் பழகிவிடலாம். இவ்வளவு நெருக்கமான வேலை அவள் பழைய சம்மரியில் ஒரு சொல்லாகக்கூட இல்லை, "அது ரொம்ப சாதாரணம்தானே மாமா" என்று விட்டிருக்கிறாள்.

அடுத்து ஹாசெப். அவள் ஹாசெப் குழுவில் இல்லை, திட்டம் எழுதியதும் இல்லை. ஆனால் பாஸ்சுரைசரில் 72 டிகிரியில் 15 வினாடி நிற்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது இரவு ஷிப்டில் அவள்தான். அது ஒரு சி.சி.பி. பதிவு, அதாவது தவறவிடவே கூடாத கட்டுப்பாட்டுப் புள்ளியின் பதிவு. ஆகவே வினைச்சொல்லில் கவனம் வேண்டும்: "உருவாக்கியவர்" என்று போடக்கூடாது, "பதிவு பராமரித்தவர்" என்று போடலாம். விளம்பரம் கேட்பதும் பதிவேட்டைத்தான்.

பெரிய விஷயம் கடைசியில்தான் வந்தது. பால் லேபில் மைக்ரோ என்றால் மொத்த எண்ணிக்கையும் கோலிஃபார்மும்தான் என்று நானே நினைத்திருந்தேன். பேச்சு வாக்கில், "தயிர் செக்‌ஷனுக்கு ஈஸ்ட், மோல்டு பிளேட்டும் நான்தான் போடுவேன், அஞ்சு நாள் 25 டிகிரியில வைக்கணும்" என்றாள். ரெஸ்யூமேயின் இரண்டாம் பக்கத்தில், "இதர பணிகள்" என்பதற்குக் கீழே அது கிடந்தது. புளிப்பான கூழில் முதலில் பயப்பட வேண்டியது ஈஸ்ட்டுக்கும் பூஞ்சைக்கும்தான். டிரம் உப்பினால் பெரும்பாலும் ஈஸ்ட்டைத்தான் முதலில் சந்தேகிப்போம். இந்த வேலைக்கு அவளிடம் இருந்ததிலேயே விலை அதிகமான வரி இதுதான். இதர பணிகளில் கிடக்க வேண்டிய வரியா இது!

பிரிக்ஸ் இல்லை. அதை என்ன செய்வது என்று அவளுக்குக் கவலை. சம்மரியில் தொடவே வேண்டாம் என்றேன். படிப்புப் பகுதியில், கல்லூரி லேபில் செய்த சோதனைகளில் ஒன்றாக ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கட்டும். விளம்பரம் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் ஆதாரத்தோடு பதில் இருக்கும்போது, இந்த ஒன்றை மூடி மறைக்க வேண்டிய தேவை இல்லை. கேட்டால், "கல்லூரியில் செய்தது, ஆலையில் செய்ததில்லை" என்று சொல்லிவிடலாம்.

நான்காவது இப்படி முடிந்தது:

"உணவுத் தொழில்நுட்பப் பட்டதாரி, பால் ஆலை லேபில் 3 ஆண்டு அனுபவம். டைட்ரேஷன் முறையில் அமிலத்தன்மை, பி.எச்., தயிரில் ஈஸ்ட், பூஞ்சை எண்ணிக்கை ஆகிய சோதனைகளைத் தனியாகச் செய்பவர். இரவு ஷிப்டில் பாஸ்சுரைசர் சி.சி.பி. பதிவு பராமரித்தவர். இந்த அனுபவத்தைப் பழக்கூழ் தரக் கட்டுப்பாட்டில் பயன்படுத்த விரும்புகிறார்."

இரண்டு பென்சிலும் எடுத்துப் பார்த்தோம். முதல் 3 வாக்கியத்தில் எல்லாச் சொல்லிலும் இரண்டு கோடும் விழுந்தன. நான்காவது வாக்கியத்தில் சிவப்பு விழவில்லை, விழவும் முடியாது, அது விருப்பம். அதை ஏன் விட்டு வைத்தேன் என்றால், பாலிலிருந்து பழத்துக்கு ஏன் வருகிறாள் என்று படிக்கிறவர் கேட்பார். துறை மாறுகிறவர்கள் மட்டும் அப்படி ஒரு வரி வைத்துக்கொள்ளலாம். கூழ் ஆலையிலிருந்து இன்னொரு கூழ் ஆலைக்குப் போகிறவருக்கு அது வீண். "இரவு ஷிப்ட்" என்ற இரண்டு சொல்லைப் பதிவு வேலையோடு சேர்த்ததும் யோசித்துத்தான். "இரவிலும் வேலை செய்யத் தயார்" என்று வாக்குக் கொடுப்பதைவிட, ஏற்கெனவே செய்திருக்கிறாள் என்று தெரிவது உறுதியானது.

12 டேங்கர் கணக்கு போய்விட்டதே என்று அவளுக்கு வருத்தம். போகவில்லை, அனுபவப் பகுதியின் முதல் வரியாக இருக்கிறது. சீசனில் கூழ் ஆலை வாசலில் வரிசை கட்டும் மாங்காய் லாரிகளுக்கும் மாதிரி எடுக்க ஆள் வேண்டும், ஆகவே நேர்காணலில் பேச அது உதவும். ஈஸ்ட் வரியை இரண்டாம் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு ஏற்றினோம். சம்மரியில் சொன்னதைத் தேடி ஒருவர் பக்கம் புரட்டக்கூடாது.

போன வாரம் ஓசூரில் ஒரு பிஸ்கட் ஆலை விளம்பரத்தை அனுப்பி, இதே சம்மரியை அனுப்பலாமா என்று கேட்டாள். அதில் ஈரப்பதச் சோதனை, பேக்கேஜிங் சோதனை, ஹாசெப் பதிவு என்று கேட்டிருந்தார்கள். பென்சிலை அவளையே எடுக்கச் சொன்னேன். நீலம் விழுந்தது பட்டத்துக்கும் அனுபவத்துக்கும் சி.சி.பி. வரிக்கும் மட்டும். ஈஸ்ட் வரி கீழே இறங்கியது. பால் பவுடரில் ஓவனில் வைத்து ஈரப்பதம் பார்த்ததை அவளே நினைவுபடுத்தி மேலே ஏற்றினாள்.