4ஜி ரவுட்டரில் குழு வீடியோ அழைப்பு: மூன்றாவது ஆள் வந்ததும் படம் ஏன் மங்குகிறது?

செந்தூலில் பழைய அடுக்குமாடிப் பக்கம் டியூஷன் நடத்தும் ஒரு தம்பி கேட்டது இது: "அண்ணே, ஒரு பிள்ளையோட பேசுறப்ப படம் கண்ணாடி மாதிரி இருக்கு. ரெண்டாவது பிள்ளை உள்ள வந்ததும் என் மூஞ்சி மங்கிடுச்சுன்னு சொல்றாங்க. பிளான் பெருசாக்கணுமா?" அவர் வைத்திருப்பதும் நான் வைத்திருப்பதும் ஒரே வகை: சிம் கார்டு போட்டு ஓடும் 4ஜி ரவுட்டர். கட்டடத்தில் ஃபைபர் போர்ட் காலி இல்லாதவர்களுக்கு வேறு வழியில்லை.

ரவுட்டரை முதலில் பாராட்டிவிடுகிறேன். படம் பார்க்க, பாடக்கோப்பு இறக்க, ஒருவரோடு ஒருவர் பேச இதில் குறையே இல்லை. இரவு நெரிசலில்கூட இறக்கம், அதாவது நமக்கு வந்து சேரும் வேகம், 15 எம்பிபிஎஸ் வருகிறது. எரிச்சல் எல்லாம் ஏற்றத்தில்தான், நம்மிடமிருந்து வெளியே போகும் வேகத்தில். அந்த நேரத்தில் ஏற்றம் 1.2 எம்பிபிஎஸ்தான் நிற்கிறது. பிளான் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இறக்கத்தைத்தான், ஆனால் குழு அழைப்பு முதலில் இடறுவது ஏற்றத்தில்.

ஜிட்சி மீட் என்ற வீடியோ அழைப்புச் செயலியையே எடுத்துக்கொள்வோம், அதில் நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டே பேர் இருந்தால் உங்கள் படம் ஒரே பிரதியாக நேரே எதிராளிக்குப் போகும். 720 வரிப் படத்துக்கு 1.5 எம்பிபிஎஸ் இருந்தால் நல்லது. 1.2 மட்டுமே இருந்தாலும் அது முழுவதும் அந்த ஒரு படத்துக்கே கிடைப்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது ஆள் வந்த நொடியில் அழைப்பு நடுவில் உள்ள சர்வருக்கு மாறுகிறது. சர்வர் படத்தைப் பிரித்துத் திரும்பச் செய்வதில்லை, வந்ததை வந்தபடியே ஆளுக்கு ஆள் அனுப்பிவிடும். ஒருவர் உங்களைப் பெரிய திரையில் பார்ப்பார், இன்னொருவர் கைப்பேசியில் சின்னக் கட்டமாகப் பார்ப்பார். இருவருக்கும் ஏற்றதைக் கொடுக்க, படத்தைச் சுருக்கும் கோடெக் விபி8 என்றால் உங்கள் கணினியே ஒரே படத்தை மூன்று அளவில் செய்து ஏற்றுகிறது. இதற்கு சைமல்காஸ்ட் என்று பெயர். அதில் ஜிட்சியின் வழக்கமான உச்ச வரம்பு 180 வரிக்கு 200 கேபிபிஎஸ், 360 வரிக்கு 500, 720 வரிக்கு 1,500. கூட்டினால் 2.2 எம்பிபிஎஸ்.

இனி அந்தத் தம்பியின் 1.2 எம்பிபிஎஸ்ஸைப் பங்கு போட்டுப் பாருங்கள். பங்கீடு சின்னப் படத்திலிருந்து மேலே போகும். கீழ் இரண்டுக்கும் 700 கேபிபிஎஸ் போய்விட்டால் மிச்சம் 500. 720 வரிப் படம் ஓடக் குறைந்தது 600 கேபிபிஎஸ் அளவாவது வேண்டும். கிடைக்காததால் உலாவி அந்தப் படத்தையே நிறுத்திவிடுகிறது. பெரிய திரை வைத்திருக்கும் பிள்ளைக்கு இப்போது 360 வரிப் படத்தை இழுத்துப் பெரிதாக்கித்தான் காட்ட முடியும். லைன் மோசமாகவில்லை, அதே 1.2 மூன்றாகப் பிரிந்தது, அவ்வளவுதான்.

நான்காவது, பத்தாவது ஆள் வந்தாலும் ஏற்றம் இதற்கு மேல் கூடாது. ஆளுக்கொரு பிரதி அனுப்ப வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சர்வரே இல்லாமல் எல்லாரும் எல்லாருக்கும் நேரே அனுப்பும் முறையில்தான் அது உண்மை, அங்கே ஆறு பேர் என்றால் ஐந்து பிரதி. சர்வர் உள்ள அழைப்பில் ஏற்றம் ஒரே ஒரு தடவைதான் தாவுகிறது, இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது.

ஆட்கள் கூடக் கூட ஏறுவது இறக்கம். அதுவும் நேர்கோட்டில் ஏறாது. நான்கு பேர் கட்டம் கட்டமாகத் தெரியும்போது மடிக்கணினியில் மற்ற மூவரும் 360 வரியில் வந்தால் 1.5 எம்பிபிஎஸ். பதினாறு பேர் என்றால் கட்டம் சிறுத்துவிடும், 180 வரி போதும், பதினைந்து படத்துக்கு 3 எம்பிபிஎஸ். ஆள் நான்கு மடங்கானாலும் இறக்கம் இரண்டு மடங்குதான். 15 எம்பிபிஎஸ் இறக்கம் உள்ளவர் இதற்காக பிளான் மாற்றக் காசு கொடுப்பது வீண்.

என்னை அதிகம் கடுப்பேற்றும் இடம் இது. எல்லாரும் கட்டக் காட்சியில் இருந்தால் யாருக்கும் உங்கள் 720 வரிப் படம் தேவையில்லை, அது ஏற்றப்படுவதும் இல்லை. ஒரே ஒரு பிள்ளை பேசுபவரைப் பெரிதாகக் காட்டும் காட்சியில் இருந்தாலும் நீங்கள் வாய் திறந்ததும் உங்கள் படம் அங்கே பெரிதாகும், சர்வர் 720 வரியைக் கேட்கும், ஏற்றம் திணறும். அதனால்தான் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் தெளிவாகத் தெரிகிறார், பாடம் தொடங்கியதும் தடுமாறுகிறார். குரலுக்கு மிகக் குறைந்த இடமே போதும், ஆனால் ரவுட்டரில் தேங்கும் வீடியோ பொட்டலங்களுக்குப் பின்னால் அதுவும் வரிசையில் நிற்கிறது. அழைப்பு ஓடும்போது கணினியின் கட்டளைச் சாளரத்தில் இதைத் தட்டிப் பாருங்கள், விண்டோஸில் நிற்காமல் ஓட `ping -t 1.1.1.1` என்று தட்டுங்கள்:

```
ping 1.1.1.1
```

வழக்கமாக 40 மில்லிசெகண்டு காட்டுவது பேச ஆரம்பித்ததும் பல நூறுக்குப் போனால், தேக்கம் உங்கள் ஏற்றத்தில்தான்.

உறுதிப்படுத்த குரோமில் `chrome://webrtc-internals` திறந்துகொண்டு அழைப்பில் சேருங்கள். விபி8 ஓடினால் வீடியோவுக்கான `outbound-rtp` பகுதிகள் இரண்டு பேர் இருக்கும்போது ஒன்று, மூன்றாவது ஆள் வந்ததும் மூன்று. `qualityLimitationReason` என்ற வரியில் `bandwidth` என்றிருந்தால் லைன்தான் காரணம். `cpu` என்றிருந்தால் மூன்று அளவில் படம் செய்ய உங்கள் பழைய மடிக்கணினிக்குத் தெம்பில்லை. அப்போது எந்த பிளான் வாங்கினாலும் படம் தெளியாது.

செய்ய வேண்டியது, பலன் தரும் வரிசையில் சொல்கிறேன். பிள்ளைகள் எல்லாரையும் கட்டக் காட்சிக்கு மாறச் சொல்லுங்கள், உங்கள் ஏற்றம் 2.2-லிருந்து 0.7-க்கு இறங்கும். வெண்பலகை பகிரும்போது உங்கள் கேமராவை அணைத்துவிடுங்கள். ரவுட்டரை நடு அறையிலிருந்து எடுத்து டவர் இருக்கும் பக்க ஜன்னலோரம் வையுங்கள், ஏற்றம்தான் சுவருக்கு அதிகம் தோற்கும், ஏனென்றால் ரவுட்டரின் அனுப்பும் சக்தி டவருடையதைவிட மிகக் குறைவு. ஜிட்சியில் வீடியோ தரத்தைக் குறைத்துக்கொண்டால் நீங்கள் இறக்குவது மட்டுமல்ல, ஏற்றுவதும் குறையும்.

இத்தனை நல்லது சொல்லியும், வாரம் முழுக்கக் குழு வகுப்பு எடுப்பவர் இந்த வகை ரவுட்டரை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு பிள்ளையிடமும் காட்சியை மாற்று, கட்டத்துக்கு வா என்று கெஞ்சிக்கொண்டு பாடம் நடத்த முடியாது. மழை மாலையில் 1.2-உம் 0.6 ஆனால் 360 வரியும் தள்ளாடும். ஃபைபர் போர்ட் காலியாகும்வரை பெயர் எழுதிக் காத்திருங்கள். கையெழுத்துப் போடும் முன் ஏற்ற வேகம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். 5 எம்பிபிஎஸ் ஏற்றம் உறுதியாகக் கிடைத்தால் ஒரு வகுப்புக்குத் தாராளம். அதே வீட்டில் இன்னொரு பிள்ளையும் அதே நேரம் வகுப்பில் இருந்தால் 2.2-ஐ இரண்டு தடவை கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.