தெரியாத ஆன்லைன் கடைகள்: நான்கு வருட கேஷ் ஆன் டெலிவரி, முன்பண அனுபவம்

இன்ஸ்டாகிராம் விளம்பரம் பார்த்துச் சின்னக் கடைகளில் வாங்க ஆரம்பித்து நான்கு வருடமாகிறது. முதலில் கேஷ் ஆன் டெலிவரி இருந்தால்தான் வாங்குவேன். பொருள் கைக்கு வந்த பிறகுதானே பணம், இதில் எப்படி ஏமாற முடியும் என்று நினைத்தேன்.

899 ரூபாய்க்கு ஒரு காட்டன் புடவை ஆர்டர் போட்டேன். பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்றதற்கு, "பணம் கட்டினாத்தான்க்கா பிரிக்கலாம்" என்றார் கூரியர் தம்பி. உள்ளே இருந்தது மெல்லிய பாலியஸ்டர் துணி. கூரியர் அலுவலகத்தில் கேட்டால், அனுப்பியவரிடம் பேசுங்கள் என்றார்கள். லேபிளில் இருந்ததோ ஏதோ ஒரு கிடங்கின் முகவரி மட்டும். ரொக்கமாகக் கொடுத்ததால் வங்கியிடம் போகவும் வழியில்லை. பணம் கட்டிப் பொருளே வராமல் போவதைத்தான் கேஷ் ஆன் டெலிவரி தடுக்கிறது. தப்பான பொருள் வந்தால் அது உதவவில்லை.

அடுத்து ஒரு இரும்புத் தோசைக்கல், 1,450 ரூபாய். அந்தத் தளத்தில் முன்பணம் மட்டும்தான். கிரெடிட் கார்டில் கட்டினேன். மூன்று வாரமாகியும் பொருள் வரவில்லை, மெசேஜுக்குப் பதிலும் இல்லை. கார்டு கொடுத்த வங்கியில் 'பொருள் கிடைக்கவில்லை' என்று டிஸ்ப்யூட் போட்டேன். ஆர்டர் ரசீதையும், நான் அனுப்பிய மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட்டையும் கேட்டார்கள். பொருளைக் கொடுத்ததற்கான ஆதாரத்தை விற்றவர்தான் காட்ட வேண்டும். அவர் காட்டவில்லை. ஒன்றரை மாதத்தில் பணம் திரும்பி வந்தது. டிஸ்ப்யூட் போடக் காலக்கெடு உண்டு. "அடுத்த வாரம் அனுப்புறோம்" என்று இழுத்தடிப்பவர்களை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

முன்பணம் என்றாலும் யாரோ ஒருவருடைய போன் நம்பருக்கு யுபிஐ-யில் அனுப்புவது வேறு கதை. நாமே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணத்தை, பொருள் வரவில்லை என்று கார்டு போலத் திரும்பக் கேட்க முடியாது. மோசடி என்று தெரிந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைக்கலாம், ஆனால் பணம் கிடைக்கும் என்று உறுதி இல்லை. ரீஃபண்ட் தருகிறேன், பின் நம்பர் போடுங்கள் என்று யாராவது சொன்னால் போடவே கூடாது. பணம் வாங்கப் பின் நம்பர் தேவையில்லை.

அப்புறம், முன்பணம் கேட்கிற எல்லோரும் ஏமாற்றுகிறவர்களும் இல்லை. காரைக்குடியில் கண்டாங்கிப் புடவை விற்கும் ஒரு அக்காவிடம் ஏன் கேஷ் ஆன் டெலிவரி தருவதில்லை என்று கேட்டேன். வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால் போக, வர இரண்டு கூரியர் செலவும் அவர் தலையில்தான் விழுமாம். கூரியர் வசூலிக்கும் பணம் கைக்கு வரவும் நாளாகுமாம். "200 ரூபாய் மட்டும் முன்னாடி போடுங்க, மீதியைப் பார்சல் வந்ததும் கொடுங்க" என்றார். வீடியோ காலில் புடவையைப் பிரித்து முந்தானை வரை காட்டினார். அதே புடவைதான் வந்தது. இப்போது அவருக்கு மட்டும் முழுப் பணத்தையும் முன்பே அனுப்பிவிடுகிறேன்.