ஒருபக்கம் மட்டும் கேட்கும் இணைய போன்: ஒன்றரை ஆண்டு அனுபவம்

வீட்டில் இணையம் வழியாகப் பேசும் சிப் போன் வைத்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. முதல் இரண்டு மாதம் மேசையில் ஒரே ஒரு போன், ஒரு குறையும் இல்லை, குரலும் கைபேசியைவிடத் தெளிவு. மாடியில் இரண்டாவது போனை மாட்டிய பிறகுதான் தலைவலி தொடங்கியது, அதுவும் எல்லா அழைப்பிலும் இல்லை என்பதால் காரணத்தைப் பிடிக்கவே சில வாரம் போய்விட்டது.

அம்மாவுக்கு மாடியிலிருந்து போட்டேன். மணி அடித்தது, எடுத்தார், திரையில் நேரமும் ஓட ஆரம்பித்தது, ஆனால் என் காதில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. நான் ஐந்தாறு முறை ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு வைத்தேன். உடனே கைபேசியில் கூப்பிட்டு, "நான் பதில் சொல்லிட்டேதானேடா இருந்தேன், நீ பாட்டுக்கு ஹலோ ஹலோன்னு கத்திட்டு வச்சுட்டே" என்றார். என் குரல் அங்கே நன்றாகவே போயிருக்கிறது, அவர் குரல்தான் இங்கே வரவில்லை. இந்தத் திசையைக் குறித்துக்கொள்வது ரொம்ப முக்கியம். நம் குரல் போகிறது, அவர்கள் குரல் வரவில்லை என்றால் பெரும்பாலும் நம் ரூட்டர் பக்கம்தான் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் வெளியே போகும் பாக்கெட்டை எந்த ரூட்டரும் பொதுவாகத் தடுப்பதில்லை, உள்ளே வருவதற்குத்தான் வழி தெரிய வேண்டும்.

ஏன் வழி தெரியாமல் போகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிப் என்பது அழைப்பை ஏற்பாடு செய்யும் பேச்சு மட்டும்தான், வழக்கமாக 5060 போர்ட்டில் நடக்கும். குரல் அதில் போகாது, ஆர்டிபி என்று தனி ஓட்டமாக வேறு போர்ட்டில் போகும், சாதாரண ஜி.711 குரலில் நொடிக்கு 50 பாக்கெட். "உன் குரலை இந்த முகவரிக்கு, இந்தப் போர்ட்டுக்கு அனுப்பு" என்று போன் தன் அழைப்புச் செய்தியின் உள்ளேயே எழுதி அனுப்பும். அங்கே அது எழுதுவது தனக்குத் தெரிந்த வீட்டு முகவரியை, அதாவது 192.168 என்று தொடங்கும் ஒன்றை. வீட்டு முகவரிக்குப் பதில் பொது முகவரியைப் போட்டு அனுப்பும் ரூட்டரின் பகுதிக்கு நேட் என்று பெயர், அது பாக்கெட்டின் மேலுறையில் உள்ள முகவரியைத்தான் மாற்றும், உள்ளே இருக்கும் கடிதத்தை வாசிக்காது. அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் `SIP ALG` என்ற உதவி வசதியை ரூட்டரில் வைத்தார்கள், அது கடிதத்தையும் பிரித்து உள்ளே இருக்கும் முகவரியைத் திருத்தி அனுப்பும். கேட்க நல்ல யோசனைதான்.

நானும் முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன், ஆர்டிபி போர்ட்டுகளை மொத்தமாக மாடிப் போனுக்குத் திருப்பிவிட்டேன். மாடியில் குரல் வந்தது, கீழே போய்விட்டது. இரண்டு போன் இருக்கும் வீட்டில் இந்த வழி வேலைக்கு ஆகாது, ஒரு போனாக இருந்தாலும் வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் பாக்கெட் அனுப்ப வாசலைத் திறந்து வைத்தது போலத்தான். எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கீழே யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது, அல்லது பேசி வைத்த கொஞ்ச நேரத்துக்குள், மாடியிலிருந்து போட்டால்தான் குரல் வராமல் போகிறது. கீழ்ப் போன் நீண்ட நேரம் சும்மா இருந்தால் மாடியில் எல்லாம் சரி. சரி, இது ஏதோ இரண்டு போனும் ஒரே பொருளுக்கு மோதிக்கொள்வது என்று தோன்றி, மாடிப் போன் அனுப்பும் செய்தியைப் பிடித்துப் பார்த்தேன். கணினியிலேயே சாஃப்ட்போன் வைத்திருப்பவர்கள் இதை நேராக ஓட்டலாம், மேசைப் போன் என்றால் போனின் வலைப் பக்கத்திலேயே பதிவெடுக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும்:

```
tcpdump -n -i eth0 -s 0 -w call.pcap udp
```

வீட்டுக்குள் பிடித்த பதிவில் மாடிப் போன் எழுதியிருந்தது இது:

```
c=IN IP4 192.168.1.21
m=audio 16384 RTP/AVP 0 8 101
```

அதே அழைப்பு தங்கள் பக்கம் எப்படி வந்து சேர்ந்தது என்று போன் சேவை தருபவர்களிடம் நேரம் குறிப்பிட்டுக் கேட்டேன், உதவிப் பிரிவில் ஒருவர் பொறுமையாக எடுத்து அனுப்பினார். அதில் இப்படி (பொது முகவரியை மட்டும் இங்கே மாற்றியிருக்கிறேன்):

```
c=IN IP4 203.0.113.45
m=audio 16384 RTP/AVP 0 8 101
```

முகவரியை ரூட்டர் திருத்தியிருக்கிறது, போர்ட்டை அப்படியே விட்டிருக்கிறது. ஆனால் என் குரல் பாக்கெட்டுகள் சர்வரில் வந்து சேர்ந்தது 16384 இலிருந்து இல்லை, 1027 இலிருந்து. இரண்டு போனும் ஒரே மாடல், இரண்டும் குரலுக்கு 16384 இல்தான் தொடங்கும். வெளிப்பக்கம் 16384 ஐக் கீழ்ப் போன் ஏற்கெனவே பிடித்துக்கொண்டதால் நேட் மாடிப் போனுக்கு 1027 ஐக் கொடுத்திருக்கிறது. கடிதத்தைத் திருத்திய பகுதிக்கு அது தெரியவில்லை. சர்வர் கடிதத்தை நம்பி அம்மாவின் குரலை 16384 க்கு அனுப்ப, அந்த வாசல் வேறொரு போனின் வேறொரு அழைப்புக்கு உரியது என்று ரூட்டர் அதை யாருக்கும் கொடுக்காமல் தூக்கி எறிந்துவிட்டது. ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததுதான் என் வீட்டில் இத்தனை வாரம் நடந்தது.

இதில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் அடுத்தது. அந்த உதவி வசதி இல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. இன்றைய சேவை சர்வர்கள் பலவும் செய்திக்குள் 192.168 முகவரியைப் பார்த்தாலே இது நேட்டுக்குப் பின்னால் இருக்கும் போன் என்று புரிந்துகொண்டு, உள்ளே எழுதியதை ஒதுக்கிவிட்டு, முதல் குரல் பாக்கெட் எந்தப் போர்ட்டிலிருந்து வருகிறதோ அங்கேயே பதில் குரலை அனுப்பும். என் ரூட்டர் உள்ளே பொது முகவரியை எழுதிக் கொடுத்ததால் சர்வருக்கு அந்த அடையாளமே தெரியாமல் போய்விட்டது. பாதி திருத்திய கடிதம் திருத்தாத கடிதத்தைவிட மோசம்.

ரூட்டரில் நுழைந்து `SIP ALG` ஐ நீக்கினேன். சில ரூட்டர்களில் இது ஃபயர்வால் பக்கத்தில் இருக்கும், சிலவற்றில் நேட் பக்கத்தில், சிலவற்றில் `SIP Helper` என்றோ `SIP Passthrough` என்றோ பெயர் இருக்கும். லினக்ஸை நாமே ரூட்டராக ஓட்டினால் முதலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுத்துவிடலாம்:

```
lsmod | grep sip
rmmod nf_nat_sip nf_conntrack_sip
```

நீக்கியதும் சோதித்துப் பார்த்தேன், அப்போதும் குரல் இல்லை! ஒரு நிமிடம் மனசே விட்டுப்போனது. பழைய இணைப்புப் பதிவுகள் ரூட்டரின் நினைவில் இருக்கும்வரை பழைய நடத்தை தொடரும் என்பது அப்புறம்தான் உறைத்தது. ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, இரண்டு போனையும் மறுபடி பதிவாக விட்டேன். கீழே மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே மாடியிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன், "இப்பவாவது கேக்குதா?" என்ற அவர் குரல் கணீரென்று வந்தது. கூடுதல் பாதுகாப்பாக மாடிப் போனின் குரல் போர்ட்டை 16600 இல் தொடங்குமாறும் மாற்றிவிட்டேன்.

இதற்கு ஐந்து மாதம் கழித்து அதே அறிகுறி திரும்ப வந்தது. ரூட்டர் இரவில் தானாக ஃபர்ம்வேர் புதுப்பித்திருக்கிறது, போய்ப் பார்த்தால் நான் எடுத்த டிக் மறுபடி விழுந்திருந்தது. இனி புதுப்பிப்பு வந்தால் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறேன். சேவையில் வசதி இருப்பவர்கள் சிப்பை டிஎல்எஸ் வழியாக, 5061 போர்ட்டில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. செய்தி மறைக்குறியாக்கத்தில் போவதால் ரூட்டரால் கடிதத்தைப் பிரிக்கவே முடியாது. சந்தேகத்தை உறுதிசெய்யவும் இதுவே சுலபமான வழி: டிஎல்எஸ்ஸுக்கு மாற்றியதும் குரல் வந்தால் குற்றவாளி அந்த உதவி வசதிதான்.

இன்னொன்று ஏறக்குறைய ஓராண்டில் பிடிபட்டது, அது உதவி வசதியால் வந்தது இல்லை. நீண்ட கூட்டங்களில் நான் மியூட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன், சில நிமிடத்தில் எல்லோர் குரலும் சட்டென்று நின்றுவிடும், மியூட்டை எடுத்ததும் திரும்ப வரும். போனில் மௌனத்தின்போது பாக்கெட் அனுப்பாமல் இருக்கும் வசதி, `VAD` என்று இருப்பது, இயங்கிக்கொண்டிருந்தது. மியூட் போட்டதும் என் பக்கத்திலிருந்து ஒரு பாக்கெட்டும் போகவில்லை. சில ரூட்டர்கள் உள்ளே வரும் பாக்கெட்டைக் கணக்கில் எடுக்காது, நாம் வெளியே அனுப்பினால்தான் வழியைத் திறந்து வைத்திருக்கும், என்னுடையது அந்த ரகம். `VAD` ஐ நீக்கியதும் மௌனமும் பாக்கெட்டாகப் போகத் தொடங்கியது, அதன்பிறகு ஒரு கூட்டத்திலும் குரல் நிற்கவில்லை.

என் அனுபவம் எல்லோருக்கும் அப்படியே பொருந்தாத ஒரு இடம் உண்டு. ரூட்டரின் வெளி முகவரி 192.168 என்றோ 100.64 முதல் 100.127 வரைக்குள்ளோ இருந்தால் உங்களுக்கு மேலே இன்னொரு நேட் இருக்கிறது. இணைய நிறுவனம் தந்த மோடமே ரூட்டராகவும் வேலை செய்தால் அதிலும் ஒரு `SIP ALG` இருக்கலாம், நம் பெட்டியில் நீக்கியது மட்டும் போதாது. மோடம் ரூட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் நிலைக்கு அதை மாற்றித் தரச் சொல்லுங்கள், முடியாது என்றால் டிஎல்எஸ்தான் வழி. என் தம்பி வீட்டில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏழு மாதமாக ஒரு புகாரும் இல்லை.