தட்டையான வளைவில் முதலில் எது: வழுக்கலா, கவிழ்தலா? தாழ்ந்த செடானும் உயரமான வேனும்

பழைய வண்டி ஒன்றை வாங்க முடிவு செய்தபோது, என் முன் இரண்டு தெரிவுகள் இருந்தன: தாழ்வாக அமர்ந்திருக்கும் ஐந்து இருக்கைச் செடான் ஒன்று, உயரமான ஏழு இருக்கை வேன் ஒன்று. இட வசதியில் வேன் மேல் என்பதும், மைலேஜில் செடான் மேல் என்பதும் எவரும் அறிந்ததே. நான் செடானைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குக் காரணமான கணக்கு ஒன்றே ஒன்றுதான்: வளைவில் வேகம் கூடிக்கொண்டே போனால், இவ்விரண்டில் எது வழுக்கும், எது கவிழும் என்பது.

சாலை வளைவில் வெளிப்பக்கம் உயர்த்தப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். வண்டியை வளைவின் மையத்தை நோக்கித் திருப்பும் விசை அப்போது டயர்களின் உராய்வு மட்டுமே. அந்த உராய்வு அதன் உச்ச அளவை எட்டும் வேகமே வழுக்கும் வேகம்:

v = √(μgr)

இங்கே μ என்பது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் குணகம், g புவியீர்ப்பு முடுக்கம், r வளைவின் ஆரம். இதில் வண்டியின் நிறையும் இல்லை, உயரமும் இல்லை. 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில், உலர்ந்த தாரில் உராய்வுக் குணகம் 0.8 என்று கொண்டால், செடானும் வேனும் ஏறத்தாழ மணிக்கு 64 கிலோமீட்டரில் வழுக்கத் தொடங்கும். ஆக, இந்தப் பக்கத்தில் இரண்டுக்கும் வேறுபாடில்லை.

வேறுபாடு கவிழ்தலில்தான் தெரிகிறது. இதற்கு வெளிப்பக்கச் சக்கரங்கள் தரையைத் தொடும் கோட்டைப் பற்றித் திருப்பு விசையை, அதாவது விசையை அந்தக் கோட்டிலிருந்து அதற்குள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்கிக் கிடைக்கும் புரட்டும் அளவை, கணக்கிடுவதே சிறந்த வழி என்பது என் கருத்து. கவிழும் வண்டி அந்தக் கோட்டைச் சுற்றித்தான் புரள்கிறது. அதோடு, வெளிச் சக்கரங்களின் மேல்நோக்கிய தாங்குவிசை அந்தக் கோட்டின் வழியாகவே செல்வதாலும், எல்லாச் சக்கரங்களின் பக்கவாட்டு உராய்வும் அந்தக் கோட்டின் மட்டத்திலேயே, அதை நோக்கியே செயல்படுவதாலும், இவை எவற்றுக்கும் அதைப் பற்றித் திருப்பு விசை கிடையாது. எஞ்சுபவை மூன்று: புவியீர்ப்பு மையத்தில் வெளிப்புறம் தள்ளும் மையவிலக்கு விசை, கீழ்நோக்கிய எடை, உட்பக்கச் சக்கரங்களின் தாங்குவிசை.

இங்கே மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தரையில் நிற்பவர் பார்வையில் மையவிலக்கு விசை என்று ஒன்று இல்லை என்பதால், அதை விட்டுவிட்டு இதே கோட்டைப் பற்றிச் சமன்பாடு எழுதினால், உட்பக்கச் சக்கரங்களின் மேல் எப்போதும் எடையில் சரிபாதி இருக்கும் என்ற விடை வரும். அதாவது எந்த வேகத்திலும் எந்த வண்டியும் கவிழாது. தவறு எங்கே என்றால், அந்தக் கோடு வண்டியோடு சேர்ந்து வளைந்து முடுக்கமடைகிறது. ஆகவே அதைப் பற்றிக் கணக்கிடும்போது வண்டியோடு செல்பவரின் பார்வையை ஏற்று, மையவிலக்கு விசையைச் சேர்த்தே ஆக வேண்டும். அதைத் தவிர்க்க விரும்புவோர் புவியீர்ப்பு மையத்தைப் பற்றிக் கணக்கிடலாம். அதே விடைதான் கிடைக்கும். ஆனால் உராய்வையும் இரு தாங்குவிசைகளையும் கையில் வைத்துக்கொண்டு செல்ல வேண்டியிருக்கும்.

இரு பக்கச் சக்கரங்களுக்கிடையிலான தூரத்தில் பாதியை a என்றும், புவியீர்ப்பு மையத்தின் உயரத்தை h என்றும், வண்டியின் நிறையை m என்றும் கொள்வோம். உட்பக்கச் சக்கரங்களின் தாங்குவிசை பூச்சியமாகும் கணத்தில், mv²h/r என்ற கவிழ்க்கும் திருப்பு விசை mga என்ற மீட்கும் திருப்பு விசைக்குச் சமமாகிறது:

v = √(gra/h)

இரு வேகங்களையும் அருகருகே வைத்தால் g, r இரண்டும் நீங்கிவிடும். a/h என்ற விகிதம் μ-வை விடப் பெரிதானால் வண்டி முதலில் வழுக்கும். சிறிதானால் முதலில் கவிழும். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பும் இந்த விகிதத்தையே வண்டிகளின் நிலைத்தன்மைக்கு அடிப்படை அளவாகக் கொள்கிறது. அதன்படி பெரும்பாலான கார்களுக்கு இது 1.3 முதல் 1.5 வரையிலும், உயரமான வண்டிகளுக்கு 1.0 முதல் 1.3 வரையிலும் இருக்கிறது. குறுகிய சக்கர இடைவெளியுள்ள வேனில் இது இன்னும் குறையலாம்.

இப்போது எண்களை இட்டுப் பார்ப்போம். இவை அந்தந்த வகை வண்டிகளுக்குப் பொருந்தக்கூடிய மாதிரி அளவுகள். ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள செடானில் a 0.75 மீட்டர், h 0.53 மீட்டர், விகிதம் 1.41. கவிழும் வேகம் மணிக்கு 85 கிலோமீட்டர், அதாவது வழுக்கும் வேகத்தைவிட 21 கிலோமீட்டர் அதிகம். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள வேனில் a 0.65, h 0.70, கவிழும் வேகம் மணிக்கு 69 கிலோமீட்டர். இதுவும் வழுக்கலுக்குப் பிறகுதான் கவிழ்கிறது, ஆனால் இடைவெளி ஐந்தே கிலோமீட்டர்.

என் முடிவைத் தீர்மானித்தது இதன் பிறகு வரும் கணக்கு. அந்த வேனின் கூரைமேல் கேரியர் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் 100 கிலோ மூட்டைகளை ஏற்றினால், புவியீர்ப்பு மையம் 0.70-லிருந்து 0.78 மீட்டருக்கு உயர்கிறது. கவிழும் வேகம் 65-க்கு இறங்குகிறது. வழுக்கத் தொடங்கும் அந்த 64 கிலோமீட்டரில், வேனைக் கவிழ்க்கும் திருப்பு விசை சுமார் 10,340 நியூட்டன் மீட்டர், மீட்பது 10,830. உட்பக்கச் சக்கரங்களின் மேல் மொத்த எடையில் இரண்டு சதவீதம் மட்டுமே மிஞ்சுகிறது. அதே வேகத்தில் செடானைக் கவிழ்ப்பது 5,820, மீட்பது 10,290. உட்பக்கச் சக்கரங்கள் இன்னும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடையைத் தாங்கி நிற்கின்றன.

நல்ல டயர் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று தோன்றலாம். சொரசொரப்பான சாலையில் நல்ல பிடிமானமுள்ள டயர் குணகத்தை 0.9-க்கு உயர்த்தினால், வழுக்கும் வேகம் 68 ஆகிறது; கவிழும் வேகமோ 65-லேயே நிற்கிறது. செடானுக்கு அது முழுமையான நன்மை. மூட்டை ஏற்றிய வேனுக்கோ, டயர் பிடியை விடுமுன் உட்பக்கச் சக்கரங்கள் எழும்பிவிடும். மழையில் குணகம் 0.4 ஆனால் இரண்டுமே 45-இல் வழுக்கும். கவிழ்தல் வெகு தொலைவுக்குப் போய்விடும். வழுக்கலும் ஆபத்தே. ஆனாலும் வழுக்கத் தொடங்கும்போது டயர் கிறீச்சிடுகிறது, ஸ்டீயரிங் தளர்கிறது; காலைத் தளர்த்தி வேகம் குறைந்தால் பிடி திரும்ப வாய்ப்புண்டு. உட்பக்கச் சக்கரம் எழும்பினாலோ புவியீர்ப்பு மையம் வெளிக் கோட்டை நோக்கி நகர்ந்து, மீட்கும் திருப்பு விசை மேலும் குறைகிறது.

இந்தக் கணக்கு வண்டியை வளையாத ஒரே கட்டையாகக் கருதுகிறது. நிஜத்தில் ஸ்பிரிங் அமுங்கி உடல் வெளிப்புறம் சாய்வதால், a சற்றுக் குறைந்து, கவிழும் வேகமும் சொன்னதைவிடக் கீழே இருக்கும். சட்டென்று இடமும் வலமும் ஒடிக்கும்போதும் இது பொருந்தாது. 1997-இல் சுவீடனில் அத்தகைய சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் உலர்ந்த தரையிலேயே கவிழ்ந்தது. மேலும், வழுக்கிச் செல்லும் வண்டி நடைபாதை விளிம்பிலோ மண்ணிலோ மோதினால், பக்கவாட்டு விசை உராய்வின் எல்லையைத் தாண்டிவிடும். அப்போது செடானும் கவிழும். வேனை முழுச் சுமையுடன் நான் ஓட்டியதில்லை என்பதால், அதன் சாய்வு ஓட்டுநருக்கு எவ்வளவு முன்கூட்டித் தெரியும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல இயலாது.

ஏழு பேர் போக வேண்டிய வீட்டுக்கு வேன்தான் வழி என்றால், கூரையைக் காலியாக விடுவது நல்லது. அதே 100 கிலோவை உள்ளே, இருக்கைக்குப் பின்னால், 0.6 மீட்டர் உயரத்தில் வைத்தால் h 0.69 ஆகிறது, கவிழும் வேகம் மீண்டும் 69-க்கு வந்துவிடுகிறது.