உறையில் 9800 என்று அச்சிட்ட 18650 செல்லை வாங்காதீர்கள்

18650 லித்தியம் செல்லின் உறையில் 9800 மில்லியாம்பியர் மணி என்று போட்டிருந்தால் அது பொய். சோதித்துப் பார்க்கவே தேவையில்லை. அந்த அளவுள்ள உருளைக்குள், கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் நல்ல செல்களே சுமார் 3500ஐத்தான் தொடுகின்றன. பெயர் பெற்ற தயாரிப்பாளரின் தரவுத்தாளில் ஒன்றைத் திறந்து பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. எங்கள் அணியின் நான்கு சக்கர ரோபோவுக்கு மின்சாரம் என் பொறுப்பு. இணையத்தில் பெரிய எண் போட்டிருந்த செல்லைத் தேர்ந்தெடுத்தவனும் நான்தான்.

இரண்டு செல்களைத் தொடராக இணைத்தோம். மல்டிமீட்டர் 8.2 வோல்ட் காட்டியது. "மின்சாரப் பக்கம் சரியாக இருக்கிறது" என்று அணிக்குச் சொல்லிவிட்டேன். ரோபோவும் மேசையில் அழகாக ஓடியது. தரையில் இறக்கி, மடிக்கணினியின் கேபிளைக் கழற்றி, முன்னே போகச் சொன்னால் ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிடும். கட்டுப்பாட்டுப் பலகை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மறுபடியும் துடிப்பு.

கேபிள் செருகியிருந்தபோது கட்டுப்பாட்டுப் பலகைக்கு மின்சாரம் மடிக்கணினியிலிருந்து போனது. மேசையில் சக்கரங்களும் அந்தரத்தில் சுழன்றதால் மோட்டார்கள் அதிகம் இழுக்கவில்லை. கேபிளைக் கழற்றிய பிறகுதான் பழுது வரும்; ஆனால் அப்போது திரையில் எதையும் படிக்க முடியாது. படிக்க முடிந்திருந்தால் இந்த ஒரு வரியே போதுமானதாக இருந்திருக்கும்:

```
Brownout detector was triggered
```

மின்னழுத்தம் தாழ்ந்துவிட்டதால் பலகை தன்னைத்தானே மீட்டமைத்துக்கொள்கிறது என்று அதற்குப் பொருள். நாங்கள் அதைப் பார்க்காமல் நிரலைச் சந்தேகித்தோம். நிரல் எழுதிய நண்பன் மோட்டார் பகுதியை அடியோடு மாற்றி எழுதினான், பிறகு அதையும் கலைத்தான். "செல்லை ஒருமுறை எடை போட்டுப் பாரேன், கையில் லேசாகத் தெரிகிறது" என்று இன்னொருத்தி சொன்னாள். நல்ல 18650 செல் 45 கிராமுக்கு அருகில் இருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. மீட்டர் 8.2 காட்டுகிறதே என்று நான் அவள் வாயை அடைத்தேன். அவன் தூக்கம் கெட்டு எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடியே, என் பக்கம் பிழையில்லை என்ற நினைப்பில் இருந்தேன். விற்றவன் செய்த மோசடி ஒரு பங்கு என்றால், அதை அத்தனை நாள் மூடிவைத்த பங்கு என்னுடையது.

மல்டிமீட்டர் செல்லிலிருந்து மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. அதனால் செல்லின் உள் மின்தடை எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்த அளவீட்டில் தெரியாது. சுமை கொடுத்து அளக்க வேண்டும். செயல்விளக்கத்தில் ரோபோ நகராமல் நின்று, மதிப்பெண்ணும் போன பிறகுதான் இதைச் செய்தேன். முழுதாகச் சார்ஜ் ஆன ஒரு செல்லின் குறுக்கே 3.9 ஓம், 10 வாட் மின்தடையைச் சில விநாடிகள் இணைத்தேன் (சூடாகும், விரலால் பிடிக்காதீர்கள்). 4.1 வோல்ட் சட்டென்று 3.7க்கு இறங்கியது. 3.7ஐ 3.9ஆல் வகுத்தால் ஓடிய மின்னோட்டம் சுமார் 0.95 ஆம்பியர். இழந்த 0.4 வோல்ட்டை அதனால் வகுத்தால் உள் மின்தடை 0.42 ஓம். நல்ல செல்லில் இது 0.1 ஓமுக்கும் கீழே இருக்கும்; அதே சோதனையில் இறக்கம் மிகச் சிறிதாகவே தெரியும்.

இரண்டு செல்லுக்கு 0.84 ஓம். நான்கு மோட்டார்களும் ஒரே கணத்தில் கிளம்பும்போது 3.5 ஆம்பியர் இழுத்தன என்று வைத்துக்கொண்டால், 2.9 வோல்ட் செல்லுக்குள்ளேயே கரைந்துவிடும். மிச்சம் 5.3. மோட்டார் டிரைவரில் இருக்கும் 5 வோல்ட் சீராக்கிக்கே உள்ளீடாக 7 வோல்ட் அளவுக்கு வேண்டும். அதற்குப் பின்னால் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கு 3.3 வோல்ட் எப்படிப் போய்ச் சேரும்? நிரலை எத்தனை முறை திருத்தினாலும் இந்தக் கணக்கு மாறியிருக்காது.

விற்பனையாளரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மீட்டரில் எத்தனை வோல்ட் காட்டுகிறது, படம் அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். "4.1 இருக்கிறதே, செல் நன்றாகத்தான் இருக்கிறது" என்று பதில் வந்தது. நான் அணிக்குச் சொன்ன அதே பதில் என்பதால் கோபத்தோடு வெட்கமும் வந்தது. சுமையோடு அளந்த படத்தை அனுப்பியபோது, திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று முடித்துக்கொண்டார். ஆகவே செல் கைக்கு வந்த அன்றே எடை போடுங்கள், சுமை கொடுத்து அளந்து படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கெடு முடியும் முன் அதையே ஆதாரமாக அனுப்புங்கள்.

அறிக்கையில் "நிரல் கோளாறு" என்று எழுதியிருந்த பத்தியை நீக்கி, இந்த அளவீடுகளை என் பெயரில் சேர்த்துக் கொடுத்தேன். மதிப்பெண் மாறவில்லை. நிரல் எழுதிய நண்பன் அடுத்த பருவத்துக்கு வேறு அணியில் சேர்ந்துவிட்டான்.