வைஃபை எக்ஸ்டெண்டர் வாங்கப் போகிறீர்களா? என் கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

ரவுட்டர் சிக்னலை வாங்கித் தள்ளியிருக்கிற அறைக்கு அனுப்புகிற இந்தப் பெட்டிக்காக, மூன்று மாத இணையக் கட்டணம் அளவுக்குப் பணத்தை ஒரே நாளில் தொலைத்த எரிச்சலில் எழுதுகிறேன். கடைப் பெயர் வேண்டாம். கணினிச் சாமான் விற்கிற கடை, அவ்வளவுதான்.

"ரவுட்டர் கூடத்தில் இருக்கு, கடைசி அறையில் சிக்னலே இல்லை" என்றேன். கடைக்காரர் பில்லைத் திருப்பி அதன் முதுகில் என் வீட்டையே வரைந்தார். கடைசி அறையைச் சுற்றி ஒரு வட்டம். "சிக்னல் எங்க இல்லையோ அங்கதான் சார் மாட்டணும். ரவுட்டர் பேரையே இதுக்கும் வச்சிடுங்க, போன் தானா மாறிக்கும்." இவ்வளவு அக்கறையாகப் படம் போடுகிறவர் தெரியாமலா சொல்வார் என்று அங்கேதான் விழுந்தேன்.

மாட்டினேன். போனில் சிக்னல் கோடுகள் முழுசாக நின்றன. வேகம் 3 எம்பிபிஎஸ்! ரவுட்டர் பக்கத்தில் 90 வருகிற இணைப்பு. அதைவிடக் கொடுமை, கூடத்துக்கு வந்தாலும் சில நேரம் அதே 3தான்.

கடைக்குப் போன் செய்தேன். முதல் நாள் "ரீஸ்டார்ட் பண்ணுங்க". மறுநாள் "உங்க நெட் கம்பெனியைக் கேளுங்க". மூன்றாம் முறை "போன் பழசா சார்?" நான்காம் முறை எடுக்கவே இல்லை. மூன்று மாதக் கட்டணம் சார் அது!

கடைசியில் நானே உட்கார்ந்து பார்த்தேன். எக்ஸ்டெண்டரை அணைத்துவிட்டு, அது இருந்த இடத்திலேயே நின்று ரவுட்டரை நேராகப் பிடித்தால் வந்தது 6. ஆறு வாங்குகிற பெட்டி அறுபதா தரும்? போன் காட்டிய கோடுகள் போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவில் உள்ள சிக்னல் மட்டுமே. எக்ஸ்டெண்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் என்ன லட்சணம் என்று அது காட்டாது. போதாததற்கு இது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடுகிற மலிவு ரகம். ஒரே ரேடியோவில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்புவதால் வாங்கியதில் சுமார் பாதிதான் கைக்கு வரும்.

கூடத்துப் புதிர் பெயரில் இருந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் போன் எதைப் பிடித்திருக்கிறது என்றே தெரியவில்லை. எக்ஸ்டெண்டர் பெயரின் பின்னால் `_EXT` சேர்த்ததும் குட்டு உடைந்தது: ரவுட்டருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், போன் இன்னும் அறைக்குள் இருக்கிற எக்ஸ்டெண்டரை விடாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. சிக்னல் ரொம்பத் தேயும்வரை போன் பழையதை லேசில் விடாது. "தானா மாறிக்கும்" என்றாரே!

நடுவழியில், ரவுட்டர் நேராக 38 தருகிற இடத்துக்கு மாற்றினேன். இப்போது அறையில் 17. மூன்று மாதக் கட்டணத்துக்கு 17!

வாங்குவதற்கு முன்: மாட்டப் போகிற இடத்தில் நின்று ரவுட்டரின் வேகத்தைப் பாருங்கள். இரட்டை பேண்டா, அதாவது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் ஓடுமா என்று கேளுங்கள். பெயரைத் தனியாக வையுங்கள். அப்புறம், திருப்பிக் கொடுக்கக் கடைசி நாள் எது என்று பில்லில் பாருங்கள். என்னுடையது நேற்றோடு முடிந்தது, அவர் வரைந்த படத்துக்கு அடுத்த பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது.